பெயர்ப்பலகை மாறிய அலுவலகங்கள்

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து என் சகோதரியின் மகன் தொலைபேசியில் பேசினான். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டுக் கனடா சென்றவன். அங்கு ஒரு நல்ல வேலைக்கு நேர்முகப் பரீட்சை முடிந்து, நியமனக் கடிதமும் ஏறத்தாழக் கைக்கு வந்துவிட்ட நிலையில், எல்லாம் நின்று போயிற்று. அவன் சுயவிபரத்தில் எழுதியிருந்ததும், விசாரித்தவர்களுக்குக் கிடைத்த பதிலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே காரணம்.

"மாமா, நான் பதினாலு வருஷமும் ஒரே கதிரையிலதான் இருந்தனான். பெயர்ப்பலகையைத்தான் மூன்று தரம் மாத்தினவை. இதை எப்படி அவையளுக்கு விளங்கப்படுத்துறது?" என்று கேட்டான்.

அவன் செய்தது இதுதான். நிறுவனத்தின் பழைய பெயர்களை எழுதினால் யாருக்கும் விளங்காது என்று கருதி, கடைசியாக இருந்த பெயரை மட்டும் எழுதி, அதன் கீழ் பதினான்கு ஆண்டுகளையும் போட்டுவிட்டான். அந்தக் கடைசிப் பெயருக்குரிய நிறுவனமோ, அவன் வேலையிற் சேர்ந்த காலத்தில் அவனுடைய நிறுவனத்தின் போட்டியாளர். விசாரித்தவர்கள் அந்த நிறுவனத்தைத் தொடர்பு கொண்டபோது, அவன் தமது சேவையில் இருந்தது மூன்றாண்டுகளுக்கும் குறைவு என்ற பதிலே கிடைத்திருக்கிறது. அந்தப் பதில் பொய்யன்று. இவன் எழுதியதும் மனமறிந்த பொய்யன்று. ஆனால் இடையில் இருந்தவருக்கு இவன் பதினொரு ஆண்டுகளைக் கூட்டி எழுதிய ஒருவனாகத் தோன்றிவிட்டான்.

பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்ற வகையில், மூடப்பட்ட, கைமாறிய, பெயர் மாறிய நிறுவனங்களோடு எனக்குப் பழக்கம் அதிகம். ஆகவே இதுபற்றிச் சற்று விரிவாக எழுதுவது பயனுடையது என எண்ணுகின்றேன்.

முதலில், பெயர் மாறியது என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் மூன்று வேறுபட்ட நிகழ்வுகளைக் குறிக்கும். ஒன்று, நிறுவனம் அதே நிறுவனமாக இருக்கப் பெயர் மட்டும் மாறுவது. இரண்டாவது, உரிமையாளர் மாறிப் புதிய உரிமையாளர் தம் பெயரைச் சூட்டுவது. இங்கும் சட்டத்தின் கண்ணில் நிறுவனம் பெரும்பாலும் அதேதான். மூன்றாவது, ஒரு நிறுவனம் இன்னொன்றோடு இணைந்து, ஊழியர்கள் புதிய வேலைகொள்வோரிடம் மாற்றப்படுவது. முதலிரண்டிலும் உங்கள் வேலைகொள்வோர் மாறவில்லை. மூன்றாவதில் மாறியிருக்கலாம். சுயவிபரத்தில் எழுதும் முறை இந்த வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

பணியாளராக இருந்த ஒருவர் தம் நிறுவனத்துக்கு நடந்தது இவற்றுள் எது என்பதை அறிவது எப்படி? பணிப்பாளர் சபையின் தீர்மானங்களை நாம் பார்த்ததில்லை. ஆனால் இலங்கையில் வேலை செய்தவர்களிடம் இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. முதலாவது ஊழியர் சேமலாப நிதி இலக்கம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வேலைகொள்வோருக்கும் ஒரு பதிவிலக்கம் உண்டு. அதற்குள்ளேயே ஊழியரின் அங்கத்துவ இலக்கம் அமையும். பழைய சம்பளச் சீட்டு ஒன்றையும் புதிய சீட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் மாறியும் வேலைகொள்வோர் இலக்கம் மாறாதிருந்தால், நிறுவனம் அதேதான் என்று பெரும்பாலும் துணியலாம். இலக்கமும் மாறியிருந்தால், நீங்கள் இன்னொரு வேலைகொள்வோரிடம் கைமாறியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் நிறைவு செய்த ஊழியருக்குச் சேவை முடிவில் இது வழங்கப்பட வேண்டும். மாற்றத்தின்போது பணிக்கொடையைக் கணக்கிட்டுக் கையில் தந்தார்களாயின், பழைய சேவை அன்றோடு முடிக்கப்பட்டது. மறுநாள் தொடங்கியது புதிய சேவை. தராமல், கடைசியில் நீங்கள் விலகும்போது முதல் நாளிலிருந்து சேர்த்துக் கணக்கிட்டுத் தந்தார்களாயின், சேவை தொடர்ச்சியானது. பலர் இதனைப் பணம் பற்றிய விடயமாக மட்டும் நினைவில் வைத்திருக்கின்றனர். உண்மையில் சேவை தொடர்ந்ததா முறிந்ததா என்பதை இதனைவிடத் தெளிவாகச் சொல்வது வேறொன்றில்லை.

ஓர் எச்சரிக்கை. கம்பனியின் பதிவிலக்கம் மாறியதைக் கண்டு ஏமாறக்கூடாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஏற்கெனவே இருந்த கம்பனிகள் எல்லாம் மீளப் பதிந்து புதிய இலக்கம் பெற்றன. அக்காலத்தில் கடிதத்தலைப்பில் இலக்கம் மாறியிருப்பது புதிய நிறுவனம் பிறந்ததற்குச் சான்றாகாது.

மருமகன் பணிபுரிந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கு எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக, இலங்கையில் கைத்தொலைபேசி வைத்திருந்த எவரும் அறிந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1989இல் தொடங்கிய செல்ரெல் நிறுவனமே நாட்டின் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை. அதன் உரிமையாளரான மிலிகொம், 2007இல் அதற்கு டிகோ என்ற தன் சர்வதேசப் பெயரைச் சூட்டியது. 2009இல் மிலிகொம் தன் உரிமையை ஐக்கிய அரபு எமிரேற்சின் எட்டிசலாட்டுக்கு விற்றது; 2010இல் பெயர்ப்பலகை எட்டிசலாட் ஆயிற்று. 2018 நவம்பர் இறுதியில் எட்டிசலாட் லங்காவும் ஹட்ச் நிறுவனமும் இணைந்தன. நிருவாகம் ஹட்ச் தரப்பின் கைக்குச் சென்றது. காலப்போக்கில் எட்டிசலாட் என்ற பெயரும் மறைந்தது. 072 என்று தொடங்கும் எண்கள் செல்ரெல் காலத்திலிருந்து வந்தவை, 078 ஹட்ச்சினுடையவை. இன்று இரண்டும் ஒரே நிறுவனத்தில் இருக்கின்றன.

அங்கு 2005இல் சேர்ந்து 2019இல் விலகிய ஒரு பொறியியலாளரைக் கற்பனை செய்வோம். அவர் முன்னால் மூன்று தவறான வழிகள் உள்ளன.

முதலாவது, மருமகன் செய்தது: ஹட்ச், 2005 முதல் 2019 வரை. ஹட்ச் 2005இல் வேறொரு நிறுவனம். அங்கு 2005 முதலே பணியாற்றிய ஒருவரும் இதே வரியைத்தான் எழுதுவார்; அவருக்கு அது முற்றிலும் உண்மை. 2019இல் அடுத்தடுத்த மேசையில் இருந்த இருவர் ஒரே வரியை எழுதி, ஒருவர் எழுதியது உண்மையாகவும் மற்றவர் எழுதியது பிழையாகவும் இருப்பது இங்குதான்.

இரண்டாவது தவறு, நான்கு பெயர்களையும் நான்கு வேலைகளாகப் பிரித்தெழுதுவது. 2005 முதல் 2007 வரை செல்ரெல், 2007 முதல் 2010 வரை டிகோ என்றவாறு. ஒவ்வொரு வரியும் தனித்தனியே சரிதான். ஆனால் வாசிப்பவர் காண்பது, ஓரிடத்தில் நிலைக்காமல் நான்கு நிறுவனங்களைத் தாவிய ஒருவரை. பதினான்கு ஆண்டுச் சேவை என்ற அவருடைய பெரிய பலம் பலவீனமாக மாறிவிடுகின்றது.

மூன்றாவது தவறு, பழைய பெயரை மட்டும் எழுதிவிட்டுப் பேசாதிருப்பது. 2008இல் டிகோவிலிருந்து விலகிய ஒருவர் 'டிகோ, கொழும்பு' என்று மட்டும் எழுதினால், இணையத்தில் தேடுபவருக்கு முன்னால் வருவது இலத்தீன் அமெரிக்காவில் இன்றும் இயங்கும் டிகோ. அந்நிறுவனத்தாரிடம் இலங்கையில் 2008இல் பணியாற்றிய ஒருவரைப் பற்றி விசாரித்தால் என்ன பதில் கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம்.

சரியான வழி என்று நான் கருதுவது இது. நீங்கள் விலகிய நாளில் நிறுவனம் எப்பெயரில் இருந்ததோ, அப்பெயரே தலைப்பாக இருக்க வேண்டும். அதற்கு முன்னிருந்த பெயர்களும், விலகிய பின்னர் நடந்த மாற்றமும் ஒரேயொரு வரியில், ஆண்டுகளுடன் வரவேண்டும். 2008இல் விலகியவர் இவ்வாறு எழுதலாம்:

"டிகோ, கொழும்பு, இலங்கை. 2005–2008. (2007 வரை செல்ரெல், 2010 முதல் எட்டிசலாட், 2018இல் ஹட்ச்சுடன் இணைந்தது.)"

2019 வரை இருந்தவர் விலகியது ஹட்ச்சிலிருந்து. அவருக்கு வரி வேறு:

"ஹட்ச், கொழும்பு, இலங்கை. 2005–2019, தொடர்ச்சியான சேவை. (2005இல் செல்ரெல்லில் சேர்ந்தவர், அது 2007இல் டிகோ, 2010இல் எட்டிசலாட் எனப் பெயர் மாறி, 2018இல் ஹட்ச்சுடன் இணைந்தது.)"

இங்கு 'தொடர்ச்சியான சேவை' என்ற இரண்டு சொற்களை எழுதும் உரிமை, மேலே சொன்ன பணிக்கொடைச் சாட்சி அவருக்குச் சாதகமாக இருந்தால் மட்டுமே உண்டு. 2018இல் கணக்குத் தீர்த்துப் புதிய நியமனக் கடிதம் கொடுக்கப்பட்டிருந்தால், தலைப்பு இரண்டாகப் பிரிய வேண்டும்: 2005 முதல் 2018 வரை எட்டிசலாட், அதன்பின் ஹட்ச். இரண்டுக்கும் இடையில், 'நிறுவன இணைப்பினால் மாற்றப்பட்டவர்' என்று ஒரு வரி போதும். அந்த வரி இருந்தால் தாவியவர் என்ற எண்ணம் எழாது.

இணையத்தில் நிரப்பும் விண்ணப்பப் படிவங்களில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனத்தின் பெயருக்கு ஒரு சிறு கட்டமே இருக்கும்; அடைப்புக்குறிக்குள் வரலாறு எழுத இடமிராது. அங்கு விலகிய நாளின் பெயரையே எழுதுங்கள். விளக்க வரியை, செய்த பணிகளை விவரிக்கும் கட்டத்தின் முதல் வரியாகப் போடுங்கள். அடுத்து, 'இந்நிறுவனத்தைத் தொடர்பு கொள்ளலாமா' என்று கேட்கும் இடத்தில் வெறுமனே 'ஆம்' என்று விட்டுவிடாமல், உங்கள் பழைய கோவைகள் இன்று யாரிடம் இருக்கின்றனவோ அந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். அதற்கு முன்னர் நீங்களே அப்பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பழைய பெயரிலான சேவைக் காலம் தங்கள் பதிவேட்டில் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையென்ற பதில் வருமானால், அது வேலை தருபவரின் காதுக்கு எட்டுமுன் உங்கள் காதுக்கு எட்டட்டும். மருமகன் தவறவிட்டது இந்தப் படியைத்தான்.

இனி, மூடப்பட்டே போன நிறுவனங்கள். இங்கு விசாரிப்பதற்கே எவரும் இல்லை.

எனக்கு மூத்த நண்பர் ஒருவர். 1971இல் கொழும்பில் 'தினபதி', 'சிந்தாமணி' பத்திரிகைகளை வெளியிட்ட நிறுவனத்தில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தவர். அந்நிறுவனத்தின் பெயர் இன்டிப்பென்டன்ட் நியூஸ்பேப்பர்ஸ் லிமிட்டெட். சிங்களத்தில் 'தவச', ஆங்கிலத்தில் 'சன்' ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. 'தவச' நிறுவனம் என்றுதான் பலரும் சொல்வார்கள். 1990 இறுதியில் அது மூடப்பட்டது. நண்பர் 1992இல் கனடா சென்றார்.

அங்கு ஓர் அச்சகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஆங்கிலப் பெயர்தான் எடுபடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தம் சுயவிபரத்தில் 'சன் பத்திரிகை' என்று எழுதிவிட்டார். ரொறன்ரோவில் 'சன்' என்ற பெயரில் ஒரு நாளிதழ் உண்டு; இலண்டனிலும் உண்டு. நேர்முகம் கண்டவர், எங்கள் ஊர்ச் சன்னிலா வேலை செய்தீர் என்று வியப்போடு கேட்டாராம். இல்லையென்று விளக்குவதற்குள் நண்பருக்கு வேர்த்துவிட்டது. அடுத்த தடவை நிறுவனத்தின் பதிவுப் பெயரை எழுதினார். இன்டிப்பென்டன்ட் நியூஸ்பேப்பர்ஸ் என்ற பெயரில் அயர்லாந்திலும் ஒரு நிறுவனம் இருந்தது. அதுவா இது என்ற கேள்வி வந்தது.

மூடப்பட்ட நிறுவனத்துக்குப் பெயர் மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தோம். வாசிப்பவர் தேடிப் பார்க்க முடியாத ஒன்றை நாம் எழுதுகிறோம்; ஆகவே தேடினால் கிடைக்கக்கூடியதை நாமே அந்த வரியில் வைக்க வேண்டும். அது என்ன தொழில், எந்த நகரம், எவ்வளவு பெரியது, எப்போது மூடப்பட்டது என்பவையே அவை. பின்னர் நண்பருக்காக நாங்கள் எழுதிய வரி ஏறக்குறைய இது:

"இன்டிப்பென்டன்ட் நியூஸ்பேப்பர்ஸ் லிமிட்டெட் (தவச குழுமம்), கொழும்பு, இலங்கை. மும்மொழிகளிலும் நாளிதழ்களும் வார இதழ்களும் வெளியிட்ட நிறுவனம், 1990இல் மூடப்பட்டது. 'தினபதி' தமிழ் நாளிதழில் ஒப்புநோக்காளர்."

அடுத்து வந்தது ஆண்டுகள் பற்றிய சிக்கல். 1974 ஏப்ரலில் அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அந்நிறுவனத்துக்குச் சீல் வைத்தது. 1977இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மூன்றாண்டுகளும் நண்பர் வவுனியாவில் தமையனாரின் கடையில் நின்றார். 1971 முதல் 1990 வரை என்று ஒரே மூச்சில் எழுதுவதா, பிரித்தெழுதுவதா?

ஒரே மூச்சில் எழுதலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார் நண்பர். நான் உடன்படவில்லை. சேமலாப நிதிக் கணக்கில் அந்த மூன்றாண்டுகளுக்கும் பணம் வந்திராது; என்றாவது அந்தக் கூற்றைக் காட்ட நேர்ந்தால் வரியும் கூற்றும் முரண்படும். ஆகவே '1971–1974, 1977–1990' என்று எழுதி, 'இடைக்காலத்தில் அரசாங்கக் கட்டளையினால் வெளியீடு நிறுத்தப்பட்டிருந்தது' என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி அவருக்குக் குறைவாக அமையவில்லை. வேலை போனது தன் குற்றமன்று என்பதையும், திறந்தவுடன் மீண்டும் அழைக்கப்பட்டவர் என்பதையும் அது ஒருங்கே சொல்லிற்று. இடைவெளியை மறைக்க முயன்றிருந்தால் இந்த இரண்டாவது நன்மை கிடைத்திராது.

சான்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலும் சேமலாப நிதிக் கணக்கு மூடப்படுவதில்லை. அதனை வைத்திருப்பது மத்திய வங்கி. தேசிய அடையாள அட்டை இலக்கத்துடன் விண்ணப்பித்து, வேலைகொள்வோரின் பெயரும் செலுத்திய காலமும் காட்டும் கணக்குக் கூற்றைப் பெறலாம். மூடப்பட்ட நிறுவனத்துக்கு இதனைவிட வலுவான சான்று இல்லை. ஏனெனில் இது நாமோ நம் நண்பரோ எழுதியதன்று. ஆனால் இதற்கும் எல்லையுண்டு. கூற்று பணம் செலுத்தப்பட்ட காலத்தைக் காட்டுமேயன்றி, நீங்கள் வகித்த பதவியைக் காட்டாது. சில வேலைகொள்வோர் பணத்தை ஒழுங்காகச் செலுத்தாமல் விட்டதும் உண்டு. ஆகவே நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம் ஆகியவற்றைக் கைவிடாதீர்கள். பத்திரிகையாளருக்கு இன்னொரு வசதி உண்டு: கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகள் பேணப்படுகின்றன. உங்கள் பெயரோடு வெளிவந்த ஒரு கட்டுரையின் பிரதி, எந்தச் சேவைச் சான்றிதழுக்கும் குறைந்ததன்று.

மேலும், ஊரார் அழைக்கும் பெயரும் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். 'வீரகேசரி'யில் வேலை செய்தேன் என்பவரின் சம்பளச் சீட்டில் இருப்பது எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் (சிலோன்) என்ற பெயர். லேக் ஹவுஸ் என்பது ஒரு கட்டடத்தின் பெயர். 'தினகரன்' அங்கிருந்து வந்தாலும் கம்பனியின் பெயர் அசோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் ஒஃப் சிலோன் லிமிட்டெட். 1973இல் அரசாங்கம் அதன் பெரும்பான்மை உரிமையை எடுத்துக்கொண்ட பின்னரும் அப்பெயர் மாறவில்லை; நாடு சிலோன் என்ற ஆங்கிலப் பெயரைக் கைவிட்ட பிறகும் மாறவில்லை. சுயவிபரத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டுவது நம் கடமை.

தமிழில் ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு பொறியும் இங்குண்டு. 1972இல் நாட்டின் ஆங்கிலப் பெயர் சிலோன் என்பதிலிருந்து ஸ்ரீலங்கா ஆயிற்று. தமிழில் இரண்டும் இலங்கையே. ஆகவே 1967இல் சிலோன் புரோட்காஸ்ரிங் கோப்பரேஷன் ஆகவும், 1972இல் ஸ்ரீலங்கா புரோட்காஸ்ரிங் கோப்பரேஷன் ஆகவும் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் தொடர்ந்து இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்தான். இங்கு ஆபத்தில்லை, நிறுவனமும் ஒன்றே.

ஆனால் பஸ் சபையைப் பாருங்கள். 1958இல் தொடங்கியது இலங்கைப் போக்குவரத்துச் சபை. ஆங்கிலத்தில் சிலோன் ட்ரான்ஸ்போர்ட் போர்ட். 1978இல் அது மத்திய சபையாகவும் பிராந்தியச் சபைகளாகவும் பிரிக்கப்பட்டது. தொண்ணூறுகளில் டிப்போக்கள் கம்பனிகளாக்கப்பட்டன. 2005இல் மீண்டும் ஒரே சபை அமைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ஸ்ரீலங்கா ட்ரான்ஸ்போர்ட் போர்ட். தமிழில் மீண்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபை. அதே இ.போ.ச.! 1976இல் வழங்கப்பட்ட சான்றிதழையும் 2006இல் வழங்கப்பட்ட சான்றிதழையும் ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால், இரண்டுக்கும் இன்றைய ஆங்கிலப் பெயரையே போட்டுவிட எல்லா வாய்ப்பும் உண்டு. அப்போது 2005இல் அமைந்த ஒரு சபை 1976இல் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். குடிவரவு அலுவலர் ஒருவர் அதைப் போலி ஆவணம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மொழிபெயர்ப்புக்குக் கொடுக்குமுன், அந்தக் காலத்து ஆங்கிலப் பெயரைத் தாளின் ஓரத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு விளக்கலாம் என்பதற்கும் அளவுண்டு. நம்மவர்களுக்கு, நிறுவனம் மூடப்பட்ட கதையைத் தொடங்கினால் அரசியல், யார் யாரைக் கவிழ்த்தார், எவர் காசை எடுத்தார் என்பது வரை சொல்லி முடிக்காவிட்டால் மனம் ஆறாது. நேர்முகத்தில் அதற்கு இடமில்லை. என்ன நடந்தது, எந்த ஆண்டு, தங்களுக்கு என்னவாயிற்று என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் போதும். "நிறுவனம் 1990இல் மூடப்பட்டது. எல்லோரும் வேலையிழந்தோம். அதன்பின் இன்ன பத்திரிகையில் சேர்ந்தேன்." அதற்கு மேல் அவர் கேட்டால் சொல்லலாம்.

இன்றைய பெயரை எழுதுவதே புத்திசாலித்தனம் என்று ஆலோசனை சொல்பவர்கள் பலர் இருக்கின்றனர். பிரபலமான பெயர் கண்ணில் பட்டால் விண்ணப்பம் மேலே வரும் என்பது அவர்கள் வாதம். மேலே வரலாம். ஆனால் மேலே வந்த விண்ணப்பம்தான் ஆராயப்படும். ஆராயும்போது ஆண்டுகள் உதைக்கும். அதைவிட, ஒருவர் எந்த நாளில் எங்கு வேலை செய்தார் என்பது ஒரு செய்தி. செய்தியை எழுதும்போது அன்றைய பெயரை எழுதி, வாசகருக்கு விளங்க இன்றைய பெயரை அருகில் வைப்பதே எங்கள் தொழிலில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முறை. 1960இல் நடந்த ஒரு சம்பவத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று எழுதிக்கொண்டு போனால், பழைய ஆசிரியர்கள் தாளைத் திருப்பி எறிவார்கள். அன்று அது இலங்கை வானொலி.

மருமகன் தன் சுயவிபரத்தைத் திருத்தி எழுதிவிட்டான். விலகிய நாளின் பெயர், பழைய பெயர்கள், ஆண்டுகள், இணைப்பு நடந்த திகதி எல்லாம் இரண்டு வரிகளில் அடங்கிவிட்டன. மத்திய வங்கியின் கணக்குக் கூற்றையும் வரவழைத்துக்கொண்டான். அதில் முதற் பதினோராண்டுகளுக்கு ஓர் இலக்கமும் பின்னர் வேறோர் இலக்கமும் இருந்தன. தன் வேலைகொள்வோர் மாறியதை அவன் அன்றுதான் அறிந்தான். முன்னைய அலுவலகத்தினருக்கும் கூற்றின் பிரதியோடு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறான். அந்த இடம் இதற்குள் நிரப்பப்பட்டுவிட்டது என்று பதில் வந்ததாம். ஆனால், தகவல் முரண்பாடு என்று தங்கள் கோவையில் எழுதியிருந்ததை நீக்கிவிட்டதாகவும் அதே கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவன் எனக்குத் தொலைபேசியில் இருமுறை வாசித்துக் காட்டினான்.